‘என் எண்ணை அழித்துவிடுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள்

விளம்பரத்துக்காக இனி அழைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லியாயிற்று. மின்னஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அன்சப்ஸ்கிரைப் இணைப்பையும் தேடிப் பிடித்து அழுத்தியாயிற்று. பத்து நாள் கழித்து, அதே நிறுவனத்தின் பெயரில், வேறொரு எண்ணிலிருந்து, வேறொரு குரல்: “நீங்க விசாரிச்சிருந்தீங்களே...”

இந்த இடத்தில் பெரும்பாலானோர் கோபத்தில் ஒரு வரி எழுதி அனுப்புவார்கள்: “என் தகவல்கள் அனைத்தையும் உடனே அழித்துவிடுங்கள்.” நானும் அப்படித்தான் செய்தேன். அது தவறான முதல் அடி. அழிப்பது வேறு, அழைப்பை நிறுத்துவது வேறு. எதை முதலில் கேட்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

வேண்டாம் என்ற பிறகும் ஏன் அழைக்கிறார்கள்

உங்கள் எண் ஒரு நிறுவனத்துக்குள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நீங்கள் படிவம் நிரப்பியபோது அது வாடிக்கையாளர் பதிவு மென்பொருளுக்குப் போகிறது. அங்கிருந்து மின்னஞ்சல் அனுப்பும் சேவைக்கு ஒரு நகல், கால் சென்டரில் எண்களைத் தானாக அழைக்கும் மென்பொருளான டயலருக்கு ஒரு நகல், பல சமயம் வெளியே ஒப்பந்தத்துக்கு எடுத்த இன்னொரு கால் சென்டருக்கு எக்செல் கோப்பாக ஒரு நகல். அன்சப்ஸ்கிரைப் இணைப்பு பெரும்பாலும் மின்னஞ்சல் சேவையில் இருக்கும் பெயரை மட்டுமே நிறுத்தும். டயலருக்கு அது தெரியவே தெரியாது.

போனில் சொல்வதற்கும் இதே கதிதான். அழைப்பு முடிந்ததும் எதிரில் இருப்பவர் திரையில் ஒரு முடிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஆர்வமில்லை’ என்பது ஒன்று, ‘இனி அழைக்காதே’ என்பது இன்னொன்று. முதலாவதை அழுத்தினால் சில வாரம் கழித்து உங்கள் எண் மறுபடி வரிசையில் வந்து நிற்கும்படி அமைத்திருப்பார்கள். நீங்கள் சொன்னது இரண்டாவது, அவர் அழுத்தியது முதலாவது. பெரும்பாலும் கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, அடுத்த அழைப்புக்கு அவசரம், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் சிரிப்பை வரவழைக்கும், ஆனால் அடிக்கடி நடப்பது. உங்கள் எண் ஒரு பதிவில் நாட்டுக் குறியீட்டோடும், இன்னொரு பதிவில் குறியீடு இல்லாமலும் இருக்கும். ஒன்றைத் தடுத்தால் மற்றது தப்பிவிடும். மென்பொருளைப் பொறுத்தவரை அவை இரண்டு மனிதர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ஒழுங்காக நடக்கும் நிறுவனங்கள் ஒரு தடைப் பட்டியல் வைத்திருக்கும். ‘இந்த எண்களை எக்காரணம் கொண்டும் விளம்பரத்துக்கு அழைக்கக் கூடாது’ என்ற பட்டியல். ஒவ்வொரு புதிய பட்டியலும் டயலருக்குள் போவதற்கு முன் அதனோடு ஒப்பிடப்படும். நீங்கள் ‘எல்லாவற்றையும் அழி’ என்று கேட்டு, அவர்களும் சொல்லுக்குச் சொல் அப்படியே செய்தால், தடைப் பட்டியலில் இருந்தும் உங்கள் எண் போய்விடும். அடுத்த மாதம் வெளியிலிருந்து ஒரு பட்டியலை வாங்குகிறார்கள், அதில் உங்கள் எண் இருக்கிறது. அவர்களுக்கு நீங்கள் புத்தம் புதிய ஆள். சங்கிலி முதலிலிருந்து தொடங்கும்.

அழிப்பை முதலில் கேட்பதில் இன்னொரு இழப்பும் உண்டு. உங்கள் எண் எங்கிருந்து வந்தது, யாருக்கெல்லாம் போனது என்ற பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். ஊற்று எங்கே என்று தெரியாமல் குழாயை மட்டும் அடைத்த கதை.

ஆக, வரிசை இது: முதலில் விளம்பரத்தை நிறுத்து; பிறகு எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று சொல்; அதைச் சொன்ன பிறகு அழி; எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் தடைப் பட்டியலில் மட்டும் வைத்துக்கொள்.

எழுதுவதற்கு முன்

ஒரு தாளிலோ போனிலோ குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்த தேதி, நேரம், எண், யார் சார்பில் என்று சொன்னார்கள், என்ன விற்க முயன்றார்கள். இவற்றோடு ஆறாவதாக ஒன்றையும் குறியுங்கள், அதைப் பலரும் விட்டுவிடுவார்கள்: உங்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது? பெயரை எப்படி உச்சரித்தார்கள், பழைய முகவரியைச் சொன்னார்களா, எந்தப் பொருளை விசாரித்ததாகச் சொன்னார்கள்? ஒரு படிவத்தில் மட்டும் நீங்கள் முதலெழுத்தைச் சேர்த்து எழுதியிருந்தால், அந்த முதலெழுத்தோடு அழைப்பவருக்கு உங்கள் எண் அந்தப் படிவத்திலிருந்துதான் போயிருக்கும்.

இதையே இனிமேல் வேண்டுமென்றே செய்யலாம். ஜிமெயில் போன்ற சில சேவைகளில் பயனர் பெயருக்குப் பின் கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்தாலும் அஞ்சல் உங்களுக்கே வரும். `peyar+kadai1@gmail.com` என்று ஒரு கடையில் கொடுத்துவிட்டு, அந்த முகவரிக்கு வேறொருவர் விளம்பரம் அனுப்பினால், கசிந்த இடம் தெரிந்துவிடும். சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது என்பது இதிலுள்ள சங்கடம். குறியை வெட்டிவிட்டு முகவரியை விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் செய்து வைப்பதில் நஷ்டமில்லை.

அழைப்பவரும் பொறுப்பாளரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. அழைப்பது ஒப்பந்தக் கால் சென்டர்; உங்கள் தரவை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவெடுப்பது பொருளை விற்கும் நிறுவனம். கடிதம் போக வேண்டியது இரண்டாமவருக்கு. அதனால் அழைப்பு வந்தால் திட்டி வைத்துவிடாமல் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: “எந்த நிறுவனத்துக்காக அழைக்கிறீர்கள், அதன் முழுப் பெயர் என்ன?” பெயர் கிடைத்ததும் அவர்கள் இணையதளத்தின் அடியில் உள்ள தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தைத் திறந்து, தரவுப் பாதுகாப்பு அலுவலர் அல்லது குறைதீர் அலுவலரின் முகவரியைத் தேடுங்கள். வாடிக்கையாளர் சேவை அரட்டைப் பெட்டியில் போட்ட கோரிக்கை பெரும்பாலும் ‘டிக்கெட் மூடப்பட்டது’ என்று முடியும். அலுவலர் முகவரிக்குப் போன மின்னஞ்சலுக்கு அப்படி எளிதில் நடக்காது.

நிறுவனத்தின் பெயரையே சொல்ல மறுப்பவர், அல்லது கேட்டதும் துண்டிப்பவர் மோசடிக்காரராக இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை. எண்ணைத் தடுத்துவிட்டு, புகார் செய்யும் வழி இருந்தால் புகார் செய்துவிட்டு நகர வேண்டியதுதான். இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் பெயரும் முகவரியும் உள்ள, சட்டத்துக்குப் பயப்பட வேண்டிய நிறுவனங்களுக்கு.

சட்டம் என்ன தருகிறது

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. மே 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.டி.பி.ஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் மிகத் தெளிவானது. அதன் அச்சில் பல நாடுகள் தங்கள் சட்டங்களை வார்த்திருக்கின்றன. அதன் 21ஆம் பிரிவு, நேரடி விளம்பரத்துக்கு எதிராக எப்போது வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையைத் தருகிறது. இதற்கு நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ‘எங்கள் தொழில் நலன் கருதி’ என்று அவர்கள் எதிர்வாதம் வைக்கவும் இடமில்லை. 15ஆம் பிரிவு உங்களைப் பற்றிய தரவின் நகலையும், அது உங்களிடமிருந்து வரவில்லை என்றால் எங்கிருந்து வந்தது என்ற விவரத்தையும் கேட்க வழி செய்கிறது. 17ஆம் பிரிவு அழிப்பு. 19ஆம் பிரிவு, தரவை ஏற்கெனவே யாருக்குக் கொடுத்தார்களோ அவர்களுக்கும் அழிப்பைத் தெரிவிக்கச் சொல்கிறது.

யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டால் ‘எங்கள் வணிகக் கூட்டாளிகளுக்கு’ என்று மழுப்பும் பழக்கம் ஒன்று இருந்தது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஜனவரி 2023இல், ஆஸ்திரிய அஞ்சல் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், ஒருவர் கேட்டால் பெற்றவர்களின் அடையாளத்தையே சொல்ல வேண்டும், வகையை மட்டும் சொன்னால் போதாது என்று தீர்ப்பளித்தது. யாரென்று கண்டறியவே முடியாதபோதும், கோரிக்கை வெளிப்படையாகவே ஆதாரமற்றதாகவோ அளவு மீறியதாகவோ இருக்கும்போதும் மட்டுமே விலக்கு.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதே அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. அழிக்கக் கேட்கும் உரிமையும் அதில் உண்டு. கலிபோர்னியாவின் சட்டம் அழிப்புக் கோரிக்கைக்கு 45 நாள் தருகிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்று பார்த்து அந்தப் பெயரைக் கடிதத்தில் எழுதுங்கள். தெரியவில்லை என்றால் ‘எனக்குப் பொருந்தும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி’ என்று எழுதினாலும் போதும். தவறான பிரிவு எண்ணை எழுதுவதைவிட அது மேல்.

பல நாடுகளில் ‘அழைக்காதே’ பதிவேடு இருக்கிறதே, அதில் பதிந்தால் போதாதா? பதியுங்கள், ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களே தொடர்பு வைத்துக்கொண்ட நிறுவனத்தை அது பொதுவாகத் தடுக்காது. அமெரிக்கப் பதிவேட்டை எடுத்துக்கொண்டால், ஒரு பொருளை வாங்கிய பிறகு 18 மாதமும், வெறுமனே விசாரித்த பிறகு 3 மாதமும் அந்த நிறுவனம் அழைக்கலாம், நீங்கள் அவர்களிடம் நேரடியாக வேண்டாம் என்று சொல்லும்வரை. அந்த நேரடி ‘வேண்டாம்’தான் நாம் எழுதப்போகும் கடிதம்.

கடிதம்

நீளம் வேண்டாம், கோபமும் வேண்டாம். இதைப் படிக்கப்போகிறவர் உங்களை அழைத்தவர் அல்ல. நாளொன்றுக்கு இதுபோல் பல கடிதங்களைப் பார்க்கும் ஒரு ஊழியர். அவர் எதைச் செய்ய வேண்டும் என்பது எண்ணிட்டுத் தெரிந்தால் போதும்.

> பொருள்: விளம்பரத்துக்கு ஆட்சேபம், தரவு விவரம் மற்றும் நீக்கக் கோரிக்கை
>
> என் பெயர் ______. உங்களிடம் பதிவாகியிருக்கக்கூடிய எண் ______ (நாட்டுக் குறியீட்டோடும் இல்லாமலும்), மின்னஞ்சல் ______.
>
> ______ தேதியில் விளம்பர அழைப்பு வேண்டாம் என்று தெரிவித்தேன். அதன் பிறகும் ______, ______ தேதிகளில் ______ எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.
>
> 1. அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், மின்னஞ்சல் எனும் எல்லா வழிகளிலும் எனக்கு விளம்பரம் செய்வதை உடனே நிறுத்துங்கள். முன்பு அளித்த சம்மதம் ஏதும் இருந்தால் இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன்.
>
> 2. என்னைப் பற்றி வைத்துள்ள தரவின் நகலையும், அது எங்கிருந்து, எந்தத் தேதியில் கிடைத்தது என்பதையும், யாருக்கெல்லாம் கொடுக்கப்பட்டது என்பதைப் பெயரோடும் தெரிவியுங்கள்.
>
> 3. இரண்டாவது கோரிக்கைக்குப் பதில் அனுப்பிய பிறகு, சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை தவிர மற்ற தரவை நீக்குங்கள். என் எண்ணையும் மின்னஞ்சலையும் விளம்பரத் தடைப் பட்டியலில் மட்டும் வைத்திருக்கச் சம்மதிக்கிறேன்.
>
> 4. தரவைப் பெற்ற பிறருக்கும் இந்த ஆட்சேபத்தையும் நீக்கத்தையும் தெரிவியுங்கள்.
>
> 5. எதை நீக்கினீர்கள், எதை எந்தக் காரணத்துக்காக வைத்துள்ளீர்கள் என்று எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.

முதல் வரியில் ‘நாட்டுக் குறியீட்டோடும் இல்லாமலும்’ என்பதை விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு மனிதர்கள் பிரச்சினை நினைவிருக்கட்டும்.

உங்கள் பெயரில் அவர்களிடம் பதிவாகியிருக்கும் மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள். ஏனென்றால் அடுத்து வரக்கூடிய முட்டுக்கட்டை, ‘நீங்கள்தான் இவர் என்று நிரூபியுங்கள், அடையாள அட்டை நகல் அனுப்புங்கள்’ என்பது. தரவை அழிக்கச் சொன்னவரிடம் இன்னும் அதிகத் தரவு கேட்பது வேடிக்கைதான். ஜி.டி.பி.ஆர்-இன்படி நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டுமே கூடுதல் அடையாளம் கேட்கலாம். பதிலாக இப்படி எழுதுங்கள்: “பதிவான மின்னஞ்சலிலிருந்தே எழுதுகிறேன். சந்தேகம் இருந்தால் அதே முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் இணைப்பை அனுப்புங்கள். முதல் கோரிக்கைக்கு, அதாவது விளம்பரத்தை நிறுத்த, அடையாளம் தேவையில்லை.” யாராவது போனில் அழைத்து ‘தரவை நீக்க ஓ.டி.பி சொல்லுங்கள்’ என்றால் சொல்லவே சொல்லாதீர்கள்.

ஒரு வழக்கு, தேதிவாரியாக

என் கதையையே சொல்கிறேன். இணையவழி மொழி வகுப்பு ஒன்றின் இலவச மாதிரி வகுப்புக்குப் பதிந்திருந்தேன். நிறுவனம் ஜி.டி.பி.ஆர்-க்கு உட்பட்டது. பிப்ரவரி 3 அன்று போனில் வேண்டாம் என்றேன். 12ஆம் தேதி ஒன்று, 19ஆம் தேதி இரண்டு அழைப்புகள். மேலே சொன்ன கோப ஒற்றை வரியை 19ஆம் தேதி இரவு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: “உங்கள் கணக்கு முடக்கப்பட்டது.” ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மார்ச் 8, மறுபடி அழைப்பு. இந்த முறை அழைத்தவர் என் பெயரின் முதலெழுத்தோடு என்னை விளித்தார். அந்த வகுப்புப் படிவத்தில் நான் முதலெழுத்து எழுதவே இல்லை. அப்போதுதான் புரிந்தது, என் எண் அவர்களுக்கு இரண்டு வாசல் வழியாக வந்திருக்கிறது.

மார்ச் 9 அன்று ஐந்து கோரிக்கைகளோடு கடிதம் போனது. ஜி.டி.பி.ஆர் பதிலுக்கு ஒரு மாதம் தருகிறது. சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம், ஆனால் நீட்டிப்பதையே முதல் மாதத்துக்குள் காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். நாட்காட்டியில் ஏப்ரல் 9ஐக் குறித்தேன். மார்ச் 27இல் ‘கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி வந்தது. இது நீட்டிப்பும் அல்ல, பதிலும் அல்ல. அப்படியே திருப்பி எழுதினேன்: நீட்டிப்பு என்றால் காரணம் சொல்லுங்கள், இல்லையென்றால் கெடு ஏப்ரல் 9தான்.

ஏப்ரல் 7இல் பதில் வந்தது. இரண்டு பதிவுகள். ஒன்று மாதிரி வகுப்புப் படிவம். இன்னொன்று, படிப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு தளத்திலிருந்து விலைக்கு வாங்கியது. அங்கேதான் எப்போதோ முதலெழுத்தோடு பதிந்திருக்கிறேன். முதல் பதிவை மட்டும்தான் பிப்ரவரியில் ‘முடக்கி’யிருந்தார்கள். ஒப்பந்தக் கால் சென்டரின் பெயரும் பதிலில் இருந்தது. இரண்டு பதிவுகளையும் நீக்கியதாகவும், எண் தடைப் பட்டியலில் இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அதே கடிதத்தைப் பெயர் மாற்றி அந்த ஒப்பீட்டுத் தளத்துக்கும் அனுப்பினேன். அதை விட்டிருந்தால் வேறு ஐந்து நிறுவனங்கள் அதே எண்ணை வாங்கியிருக்கும்.

பதிலைப் படிக்கும்போது

‘கணக்கு முடக்கப்பட்டது’, ‘சந்தா நீக்கப்பட்டது’, ‘விருப்பங்கள் புதுப்பிக்கப்பட்டன’ ஆகிய மூன்றில் எதுவும் அழிப்பு அல்ல. முடக்கிய கணக்கில் தரவு அப்படியே இருக்கும். ‘நீக்கப்பட்டது’ என்ற சொல் இருக்கிறதா, எது நீக்கப்பட்டது என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் அழிக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. நீங்கள் பணம் கட்டி வாங்கியிருந்தால் ரசீதை வரிச் சட்டத்துக்காகப் பல ஆண்டு வைத்திருக்க வேண்டியிருக்கும். நடக்கும் வழக்கு அல்லது கடன் பாக்கி தொடர்பான தரவும் தங்கும். காப்பு நகல்களிலிருந்து உடனே நீக்க முடியாது, அவை சுழற்சியில் மேலெழுதப்படும்போதுதான் போகும் என்பார்கள். எத்தனை நாள் சுழற்சி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ரசீதுக்காக வைத்திருக்கும் எண்ணை விளம்பரத்துக்கு எடுக்கக் கூடாது. ‘சட்டப்படி வைத்திருக்கிறோம்’ என்பது ‘அழைப்போம்’ என்பதற்கு அனுமதி அல்ல.

கணக்கு தொடர்பான செய்திகள் தொடரலாம். தவணை தேதி, கடவுச்சொல் மாற்றம், விநியோக விவரம் ஆகியவை விளம்பரம் அல்ல. தவணையை நினைவூட்டிவிட்டு கடைசியில் ‘புதிய சலுகை ஒன்று...’ என்று சேர்த்தால் அந்தக் கடைசிப் பகுதி விளம்பரம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கெடு முடிந்தும் அழைப்பு வந்தால்

ஒரே ஒரு அழைப்பு, பதில் வந்த ஓரிரு நாளில் என்றால், டயலருக்குப் பழைய பட்டியல் ஏற்கெனவே போயிருக்கலாம். அதற்கு மேல் பொறுக்க வேண்டாம். இரண்டாவது கடிதம் மிகச் சிறியது: ‘ஏப்ரல் 7 அன்று நீக்கியதாக எழுதினீர்கள். ஏப்ரல் 20 அன்று இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. 7 நாளில் விளக்கம் வராவிட்டால் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்வேன்.’ ஏழு நாள் என்பது சட்டக் கெடு அல்ல, நான் வைப்பது.

புகார் செய்ய இரண்டு இடங்கள் உண்டு, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். தரவை நீக்கவில்லை என்ற புகாரை விசாரிப்பது தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வேலை. அழைப்பே தொந்தரவு என்ற புகாரை விசாரிப்பது பல நாடுகளில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பின் வேலை. இந்தியாவில் அது 1909 என்ற எண் வழியாகச் செல்கிறது. அழைப்புப் புகாருக்கு நாள் கணக்கு உண்டு, தாமதித்தால் ஏற்க மாட்டார்கள். எனவே அழைப்பு வந்த அன்றே அதைப் பதிந்துவிடுங்கள். தரவுப் புகாரை நிதானமாக எழுதலாம்.

புகாரோடு மூன்றே இணைப்புகள் போதும்: நீங்கள் அனுப்பிய கடிதம் தேதியோடு, அவர்கள் தந்த பதில், அதன் பிறகு வந்த அழைப்பின் திரைப்பிடிப்பு. திரைப்பிடிப்பில் எண்ணும் நேரமும் மட்டுமல்லாமல் ஆண்டும் தெரிகிறதா என்று பாருங்கள். பல போன்களின் அழைப்புப் பட்டியல் ‘நேற்று’ என்று மட்டும் காட்டும். அந்தப் பதிவைத் தட்டி உள்ளே போய், முழுத் தேதி தெரியும் பக்கத்தைப் பிடியுங்கள்.